தொட்டிலை விட்டு இறங்கிய குழந்தைக்குப் போர்வை எப்போது, தலையணை எப்போது?

கேள்வி: "என் மகனுக்கு 21 மாதம் ஆகிறது. மரத்தொட்டிலின் பக்கக் கட்டை மேல் காலைத் தூக்கிப் போட ஆரம்பித்துவிட்டதால், போன வாரம் தரையில் சிறிய மெத்தை போட்டு அதில் படுக்க வைக்கிறோம். இனிமேல் தலையணையும் மெல்லிய போர்வையும் கொடுக்கலாமா? தலையணை இல்லாவிட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும் என்று மாமியார் சொல்கிறார். சென்னையில் இருக்கிறோம், இரவில் ஏசி போடுகிறோம்."

போர்வையை இந்த வயதிலேயே கொடுக்கலாம். தலையணைக்கு இன்னும் சில மாதங்கள், ஏறக்குறைய இரண்டு வயது தாண்டும் வரை, பொறுத்திருங்கள். இரண்டையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் இயல்பாகவே பலருக்கும் வருகிறது. ஆனால் இந்த இரண்டும் குழந்தையின் உடலில் வெவ்வேறு வளர்ச்சிகளுக்காகக் காத்திருப்பவை. ஒன்று கையின் திறமைக்காகக் காத்திருக்கிறது, மற்றொன்று தோளின் அகலத்துக்காக.

தொட்டிலை விட்டு இறங்கிய நாளைத் தலையணைக்கான நாளாகக் கொள்ள முடியாது. தொட்டிலை எப்போது விட வேண்டும் என்பதை உயரமும் ஏறும் துணிச்சலுமே தீர்மானிக்கின்றன. மெத்தையை மிகக் கீழான நிலையில் வைத்த பிறகும், நிற்கும் குழந்தையின் மார்பளவுக்குப் பக்கக் கட்டை வந்துவிட்டாலோ, குழந்தை ஏறக்குறைய 90 செ.மீ. உயரத்தை எட்டிவிட்டாலோ, தொட்டிலின் காலம் முடிந்தது என்று கொள்வது வழக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் இரண்டு வயது ஆண் குழந்தையின் நடுமதிப்பு உயரம் சுமார் 87 செ.மீ.தான். ஆகவே சாதுவான குழந்தை ஒன்று இரண்டரை வயது வரை தொட்டிலிலேயே உறங்கக்கூடும். உங்கள் மகனைப் போல ஏறிக் குதிக்கத் துணிந்த குழந்தை 18 மாதத்திலேயே தரைக்கு வந்துவிடக்கூடும். இருவரும் தொட்டிலை விட்டுவிட்டார்கள் என்பதற்காக இருவரின் கழுத்தும் தோளும் ஒரே அளவுக்கு வளர்ந்துவிட்டன என்று பொருளாகாது.

முதல் ஒரு வயதுக்குள் படுக்கையில் தலையணையோ தளர்வான போர்வையோ மென்மையான வேறு எந்தப் பொருளோ கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் உறுதியாகச் சொல்லும் அறிவுரை. காரணம் எளிது. மூன்று நான்கு மாதக் குழந்தையின் மூக்கும் வாயும் பஞ்சில் புதைந்தால், அது வெளிவிட்ட காற்றையே திரும்ப உள்ளிழுக்கிறது. அந்தக் காற்றில் பிராணவாயு குறைந்து கரியமிலவாயு கூடிக்கொண்டே போகும்போது, விழித்துத் தலையைத் திருப்பும் எச்சரிக்கை உணர்வு அந்த வயதில் எல்லாக் குழந்தைகளிடமும் நம்பத்தக்க அளவில் செயல்படுவதில்லை. உறக்கத்தில் நேரும் திடீர் மரணங்களில் மிகப் பெரும்பாலானவை முதல் ஆறு மாதங்களுக்குள் நிகழ்வதும், ஒரு வயதுக்குப் பின் அந்த ஆபத்து மிகவும் குறைந்துவிடுவதும் இதனோடு பொருந்துகின்றன. 21 மாதக் குழந்தை இந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டது. முகத்தில் விழுந்த துணியை அது உறக்கத்திலேயே கையால் தள்ளிவிடும். மூச்சுக்கு இடையூறு நேர்ந்தால் புரண்டு படுக்கும், எழுந்து உட்காரும், அழும். போர்வைக்கு நான் இப்போதே சம்மதம் சொல்வதற்கு இதுவே காரணம்.

தலையணை வேறு விஷயம். பிறந்த குழந்தையின் மொத்த நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு தலை. இரண்டு வயதில் அது ஐந்தில் ஒரு பங்கு. பெரியவர்களில் எட்டில் ஒரு பங்கு மட்டுமே. நாம் ஒருக்களித்துப் படுக்கும்போது அகன்ற தோள் தரையில் ஊன்றி நிற்கிறது, தலை அந்தரத்தில் தொங்குகிறது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் நமக்குத் தலையணை வேண்டியிருக்கிறது. ஒன்றரை வயதுக் குழந்தையின் தோள் ஒடுக்கமானது, தலையோ அகலமானது என்பதால், அது ஒருக்களித்துப் படுத்தாலும் நிரப்பப்பட வேண்டிய இடைவெளி அநேகமாக இல்லை. மல்லாந்து படுக்கும்போது நிலைமை இன்னும் தெளிவானது. குழந்தையின் பின்மண்டை புடைத்திருப்பதால், சமதளத்தில் படுக்கும்போதே அதன் தாடை சற்று மார்பை நோக்கிச் சாய்கிறது. அறுவை அரங்கில் சிறு குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பவர்கள், மூச்சுவழி திறந்திருப்பதற்காகத் துணியைச் சுருட்டித் தோளுக்கு அடியில் வைப்பார்களே தவிர, தலைக்கு அடியில் வைப்பதில்லை. அந்தத் தலைக்கு அடியில் நாம் ஒரு தலையணையைச் செருகினால் கழுத்து முன்னோக்கி மடிகிறது.

ஆகவே உங்கள் மாமியாரின் கவலை பெரியவர்களின் கழுத்துக்கு முற்றிலும் பொருந்துவது. இந்த வயதுக் குழந்தையின் கழுத்துக்கு அது நேர்மாறாக இருக்கிறது. இதை வாதமாகச் சொல்வதைவிட, அவரை அருகில் உட்கார வைத்து ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. மகன் நன்றாக உறங்கிய பின், அவன் ஒருக்களித்துப் படுத்திருக்கும் நேரத்தில், முதுகுப்புறமாகக் குனிந்து பாருங்கள். கழுத்தெலும்பின் வரிசையும் முதுகெலும்பின் வரிசையும் ஒரே நேர்கோட்டில், மெத்தைக்கு இணையாக ஓடினால் அவனுக்குத் தலையணை தேவைப்படவில்லை. தலை மெத்தையை நோக்கிச் சரிந்து, காதுக்கும் தோளுக்கும் இடையே வளைவு தெரிந்தால், தோள் அகலமாகிவிட்டது என்று பொருள். பெரும்பாலான குழந்தைகளிடம் இந்த மாற்றம் இரண்டு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையே தென்படுகிறது. இரண்டு வயது என்று மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது இந்த வளர்ச்சியையும் கொஞ்சம் கூடுதல் எச்சரிக்கையையும் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு வசதியான எல்லை. பிறந்தநாளுக்கு மறுநாள் தலையணையை எடுத்து வைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் அதில் இல்லை.

குழந்தையும் தன் பங்குக்கு அடையாளம் காட்டும். மடித்து வைத்த போர்வையையோ பொம்மையையோ இழுத்துத் தலைக்கு அடியில் வைத்துக்கொள்வது, கையை மடித்து அதன் மேல் தலையைச் சாய்ப்பது, உங்கள் தலையணையைத் தேடி வந்து படுப்பது ஆகியவை தொடர்ந்து பல இரவுகள் நிகழ்ந்தால் அவற்றைப் பொருட்படுத்தலாம். ஒருநாள் விளையாட்டாகச் செய்வதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. என் மகளுக்கு அவசரப்பட்டு 22 மாதத்தில் ஒரு சிறிய தலையணை தைத்துக் கொடுத்தேன். நள்ளிரவில் பார்த்தால் கால் தலையணையின் மேலும் தலை மெத்தையின் மறுமூலையிலும் இருக்கும். அந்த வயதில் குழந்தைகள் உறக்கத்தில் கடிகார முள்ளைப் போலச் சுற்றி வருகிறார்கள். தலை ஓரிடத்தில் தங்காதவரை தலையணை அங்கே கிடப்பதில் எந்தப் பயனும் இல்லை. எடுத்து வைத்துவிட்டு, இரண்டு வயது நான்கு மாதத்தில் மீண்டும் கொடுத்தபோதுதான் அவள் அதில் தலை வைத்து உறங்கினாள்.

இப்போது போர்வைக்கு வருகிறேன், ஏனெனில் இந்த வாரம் நீங்கள் தயார் செய்து வைக்கக்கூடியது அதுதான். நம் வீடுகளில் இதற்குக் கடைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. பலமுறை துவைத்து மென்மையான பருத்திச் சேலையிலோ வேட்டியிலோ ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலமும் ஒன்றேகால் மீட்டர் நீளமும் உள்ள துண்டு ஒன்றை வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்தால் போதும். காற்று அதன் ஊடே எளிதாகப் போகும், எடையும் இராது. ஓரத்தில் குஞ்சமோ தொங்கும் நூலோ இருக்கக் கூடாது என்பதால் ஜமக்காளம் வேண்டாம். பெரிய கண்களோடு பின்னிய கம்பளிப் போர்வையில் விரல் சிக்கிக்கொள்ளும். மயிர்போலப் புசுபுசுவென்று இருக்கும் கனத்த போர்வைகள் வெப்பத்தை அடைத்து வைக்கும். உள்ளே மணிகளோ குண்டுகளோ இட்டுக் கனமாக்கிய போர்வைகளை நல்ல உறக்கம் தரும் என்று சொல்லி இப்போது விற்கிறார்கள். குழந்தையால் தானே விலக்க முடியாத எடையைக் குழந்தையின் மேல் போடுவது எந்த வகையிலும் சரியல்ல, இந்த வயதுக்கு அவற்றை வாங்கவே வேண்டாம்.

போர்த்தும் முறையிலும் கவனம் வேண்டும். போர்வையின் கீழ் ஓரத்தை மெத்தையின் கால்மாட்டில் அடியில் செருகிவிட்டு, மேல் ஓரம் குழந்தையின் மார்பளவோடு நிற்கும்படி விரித்து, இரண்டு கைகளையும் வெளியே விடுங்கள். அப்படிச் செருகியிருந்தால் குழந்தை உதைத்தாலும் போர்வை முகத்தை நோக்கி மேலேறுவதில்லை. கொசுவுக்காகத் தலையோடு சேர்த்து மூடிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதற்கு மாற்றாகக் கொசுவலையைக் கட்டி, அதன் ஓரங்களை மெத்தையின் அடியில் இறுகச் செருகிவிடுங்கள். தலையின் வழியே குழந்தை கணிசமான வெப்பத்தை வெளியேற்றுவதால், தலை எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். வீட்டுக்குள் உறங்கும் குழந்தைக்குக் குல்லாய் தேவையில்லை என்பதற்கும் காரணம் அதுவே.

சென்னையின் இரவில் மின்விசிறி மட்டும் ஓடினால் வருடத்தின் பெரும்பகுதி போர்வையே வேண்டியதில்லை. ஏசியை 24 முதல் 26 பாகைக்குள் வைத்து, முழுக்கை பருத்திச் சட்டையும் முழுக்கால்சட்டையும் போட்டுவிட்டால், மேலே சொன்ன ஒற்றைத் துணியே போதும். ஏசியின் காற்று நேராகக் குழந்தையின் மேல் விழாதபடி மெத்தையின் இடத்தை மாற்றுங்கள். இதை விட்டுவிட்டுப் போர்வையை ஒன்றின் மேல் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. குழந்தைக்குக் குளிர்கிறதா என்று பார்க்க நாம் கையையோ பாதத்தையோ தொட்டுப் பார்க்கிறோம். அவை ஏசி அறையில் எப்போதும் சற்றுக் குளிர்ந்தே இருக்கும் என்பதால் அந்தச் சோதனை நம்மை ஏமாற்றிவிடும். பிடரியிலோ மார்பிலோ உங்கள் விரல்களின் பின்புறத்தை வையுங்கள். அங்கே கதகதப்பாகவும் ஈரமின்றியும் இருந்தால் போதுமான அளவு போர்த்தியிருக்கிறீர்கள். பிடரியில் வியர்வை இருந்தாலோ, கன்னம் சிவந்து முடி நனைந்திருந்தாலோ, ஒரு அடுக்கை உடனே எடுத்துவிட வேண்டும். மகன் நள்ளிரவில் போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டு நன்றாக உறங்குகிறான் என்றால், மறுபடியும் மறுபடியும் எழுந்து போர்த்த வேண்டாம். உடையிலேயே போதிய வெப்பம் இருக்கும்படி பார்த்துக்கொண்டால், போர்வை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேறுபாடு பெரிதாக இராது.

இந்த இடத்தில், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் நான் பார்த்த வீடுகளில் இதுதான் அதிகம் கவனிக்கப்படாமல் போகிறது. தலைக்குத் தலையணை வைக்கலாமா என்று யோசித்து யோசித்துக் கேட்கும் பெற்றோர், குழந்தை உருண்டு விழாமல் இருக்க இரு பக்கமும் பெரியவர்களின் தலையணைகளையும் உருளைத் திண்டுகளையும் அரணாக அடுக்கி வைத்திருப்பார்கள். தலைக்கு அடியில் வைக்கும் மெல்லிய தலையணையைவிட இந்த அரண்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. உருண்டு வரும் குழந்தையின் முகம் முதலில் மோதுவது அதில்தான். தலையணைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் குழந்தை நழுவிச் சிக்கிக்கொள்ளலாம். விழித்துவிட்டால் அதையே படியாக்கி ஏறிக் குதிக்கவும் செய்யும். நீங்கள் ஏற்கெனவே தரையில் மெத்தை போட்டிருப்பதால் உங்களுக்கு இந்த அரணே தேவையில்லை. மெத்தையின் உயரம் 10 முதல் 15 செ.மீ. என்றால், விழுந்தாலும் அடிபடாது. மெத்தையைச் சுற்றி ஒரு பாயையோ மடித்த ஜமக்காளத்தையோ விரித்து வையுங்கள். மெத்தையைச் சுவரோடு ஒட்டியும் ஒட்டாமலும் போடாதீர்கள். அவன் தாராளமாக நடந்து போகும் அளவுக்குச் சுவரிலிருந்து விலக்கிப் போடுங்கள். கட்டிலுக்கும் மெத்தைக்கும் நடுவிலும் அதே இடைவெளி வேண்டும். மெத்தை கெட்டியாக இருக்க வேண்டும். பழைய இலவம்பஞ்சு மெத்தையின் நடுவில் பள்ளம் விழுந்திருந்தால், உறங்கும் குழந்தை இரவு முழுவதும் அந்தப் பள்ளத்துக்கே உருண்டு வரும். அத்தகைய மெத்தையில் தலையணையைப் பற்றி யோசிப்பதற்கு முன் மெத்தையை மாற்ற வேண்டும்.

தலையணை கொடுக்கும் காலம் வரும்போது, அது எப்படி இருக்க வேண்டும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய 30 செ.மீ. அகலமும் 45 செ.மீ. நீளமும் 5 செ.மீ. உயரமும் போதும். உங்களுடைய பழைய தலையணையை மடித்துக் கொடுப்பது இதற்கு ஈடாகாது, ஏனெனில் அது மும்மடங்கு உயரமாக இருக்கும். உள்ளங்கையால் நடுவில் அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் பள்ளம் உடனே நிமிர வேண்டும். கையின் வடிவம் அப்படியே பதிந்து நின்றால் அது முகத்தை உள்வாங்கும் தலையணை, அதை ஒதுக்கிவிடுங்கள். தலையின் வடிவத்துக்கு ஏற்பக் குழையும் நுரைத் தலையணைகளும் இதே காரணத்தால் வேண்டாம். வீட்டில் இலவம்பஞ்சு வைத்துத் தைப்பதானால், நெருக்கமாக நெய்த துணியில் உள்ளுறை ஒன்றும் அதன் மேல் வெளியுறை ஒன்றுமாக இரண்டு அடுக்கு இருக்கட்டும். இலவம்பஞ்சின் இழை மிக மெல்லியது. ஒரு தையல் விட்டுப்போனாலும் அது மூக்குக்கும் வாய்க்கும் போய்விடும். வெளியுறையில் பொத்தானோ நாடாவோ இருக்கக் கூடாது.

பிறந்த குழந்தைக்குத் தலை உருண்டையாக அமைய வேண்டும் என்று வாங்கிய கடுகுத் தலையணை வீட்டில் இருந்தால், அதைச் சிக்கனம் கருதி இப்போது எடுத்துப் பயன்படுத்த வேண்டாம். அதைப் பிறந்த குழந்தைக்கே நான் பரிந்துரைப்பதில்லை. இந்த வயதிலோ ஒரு தையல் பிரிந்தால் போதும், கடுகு மூக்கிலும் காதிலும் போவதற்கு; தானியத்தையும் விதையையும் மூக்கில் திணித்துக்கொள்வது இரண்டு வயதுக் குழந்தைகளிடம் மிகச் சாதாரணமாக நடப்பது. தலையின் வடிவத்தைப் பொறுத்தவரை இனி எந்தத் தலையணையும் அதை மாற்றப்போவதில்லை.

சளி பிடித்த இரவுகளில் தலையை உயர்த்தி வைத்தால் மூச்சு எளிதாகும் என்று தலையணையைத் தேடுவீர்கள். தலையை மட்டும் உயர்த்தினால் இடுப்புவரை உயராமல் கழுத்து மட்டுமே மடிகிறது. மூச்சுவழி அகலுவதற்கு மாறாகக் குறுகுகிறது. உறங்குவதற்கு முன் உப்புநீர்ச் சொட்டு விட்டு மூக்கைச் சுத்தம் செய்வது அதைவிட நிச்சயமாகப் பயன் தரும். சளி இல்லாத நாட்களிலும் வாயைத் திறந்தபடி குறட்டை விட்டு உறங்குகிறான், தலையைப் பின்னுக்கு வளைத்துக்கொண்டே படுக்கிறான், நடுவில் மூச்சு ஒரு கணம் நின்று பின் திணறி எடுக்கிறது என்றால், அது தலையணை இல்லாத குறை அல்ல. மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டு சதையோ தொண்டையின் இருபுறமும் உள்ள டான்சில் சதையோ வீங்கியிருக்கலாம் என்பதால் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். முடிந்தால் உறங்கும்போது இரண்டு நிமிடம் கைபேசியில் படம் பிடித்துக் கொண்டுபோங்கள்.

உங்கள் வீட்டுக்கு இதை வரிசைப்படுத்தினால், முதல் இரண்டு வாரங்கள் புதிய மெத்தை மட்டும் போதும். தொட்டிலின் விரிப்பையே இதற்கும் விரித்தால் பழகிய மணம் அவனுக்கு ஆறுதலாக இருக்கும். இடம் மாறியதற்கே குழந்தைகள் சில இரவுகள் விழித்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் போர்வையும் சேர்ந்துகொண்டால், எதனால் விழிக்கிறான் என்று உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். அதன்பின் நீங்கள் விழித்திருக்கும் பகல் உறக்கத்தில் போர்வையைப் போர்த்தி, முகத்தின் பக்கம் வரும் துணியைத் தானாக விலக்குகிறானா என்று மூன்று நான்கு நாட்கள் பாருங்கள். விலக்குகிறான் என்றால் இரவிலும் தொடரலாம். 24 மாதம் முடிந்ததும் முதுகெலும்பு வரிசையை மீண்டும் ஒருமுறை பாருங்கள். தலை சரியத் தொடங்கியிருந்தால் தலையணையையும் அதேபோலப் பகலில் தொடங்குங்கள். சரியவில்லை என்றால் இரண்டு மாதம் கழித்துப் பார்க்கலாம்.

மகன் குறைமாதத்தில் பிறந்தவன், தசைத் தளர்வு உள்ளவன், வலிப்பு வருபவன், அல்லது புரள்வதும் உட்காருவதும் வயதுக்குத் தாமதமாக வந்தவன் என்றால், மேலே சொன்ன மாதக் கணக்கு எதுவும் அவனுக்குப் பொருந்தாது. அப்போது அவனைத் தொடர்ந்து பார்த்துவரும் மருத்துவரிடம் கேட்ட பின்னரே போர்வையையும் கொடுங்கள். வீட்டில் ஒரு வயதுக்குட்பட்ட இன்னொரு குழந்தை இருந்தால், இந்தப் போர்வையும் பின்னர் வரும் தலையணையும் அந்தக் குழந்தையின் படுக்கைக்குப் போகாதபடி காலையில் எழுந்ததும் மடித்து அலமாரியில் வைத்துவிட வேண்டும். மூத்த குழந்தை அன்போடு தன் தலையணையைத் தம்பிக்கோ தங்கைக்கோ கொண்டுபோய் வைத்துவிடும்.